இரண்டு பேர் தனித்தனியாகப் பார்ப்பது: சிஸ்டமேட்டிக் ரிவ்யூவில் ஸ்கிரீனிங், தரவெடுப்பு, கருத்து வேறுபாடு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிஸ்டமேட்டிக் ரிவ்யூ தொடங்கும் முதுகலை மாணவர்கள் பலரும் கேட்கும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். அவற்றை அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். விளக்கத்துக்கு ஒரே ஒரு கற்பனை ரிவ்யூவை எடுத்துக்கொள்வோம்: இரண்டாம் வகை நீரிழிவு உள்ள பெரியவர்களுக்கு யோகா பயிற்சி எச்பிஏ1சி அளவைக் குறைக்கிறதா? தேடலில் கிடைத்து, இரட்டிப்புகளை நீக்கிய பின் 1000 பதிவுகள் கையில் இருக்கின்றன. பார்ப்பவர்கள் இருவர். அவர்களை முதலாமவர், இரண்டாமவர் என்றே சொல்கிறேன்.

ரெண்டு பேர் இருக்கோம், ஆளுக்கு 500 பிரிச்சுக்கலாமா?

கூடாது. 1000-ஐயும் முதலாமவர் பார்க்க வேண்டும், அதே 1000-ஐயும் இரண்டாமவர் பார்க்க வேண்டும். ஆளுக்குப் பாதியாகப் பிரித்தால் ஒவ்வொரு பதிவையும் ஒரே ஒருவர்தான் பார்த்திருப்பார். இருவர் வேலை செய்தார்கள் என்று சொல்லலாமே தவிர, இருவர் தனித்தனியே பார்த்தார்கள் என்று சொல்ல முடியாது.

மூன்று நான்கு பேர் இருந்தால் பிரிப்பதில் தவறில்லை. ஒவ்வொரு பதிவுக்கும் இரண்டு பேரின் முடிவு இருக்கிறதா என்பதுதான் கணக்கு. அந்த இருவர் எப்போதும் ஒரே ஜோடியாக இருக்க வேண்டியதில்லை.

ஒருத்தர் பார்த்து முடிச்சதை இன்னொருத்தர் செக் பண்ணினா போதாதா? ரெண்டும் ஒண்ணுதானே?

ஒன்றல்ல. முதலாமவர் ‘வேண்டாம்’ என்று குறித்த பதிவைத் திறக்கும்போது, அது ஏன் வேண்டாம் என்பதற்கான காரணத்தைத்தான் கண் தேடும். ‘இதை ஏன் எடுக்கக் கூடாது’ என்ற கேள்வி எழாது. சரிபார்ப்பவர் பெரும்பாலும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார், அதுவும் 300-வது பதிவுக்கு மேல். இருவரும் மற்றவர் முடிவைத் தெரியாமல் பார்த்தால்தான் இருவருக்கும் ஒரே இடத்தில் கவனம் தவறும் வாய்ப்பு குறையும்.

இதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். 2020-ல் வெளியான ஓர் ஆய்வில், ஒருவர் மட்டும் அப்ஸ்ட்ராக்ட் பார்த்தபோது, எடுத்திருக்க வேண்டிய ஆய்வுகளில் 13 சதவீதம் தவறிப்போயின. இருவர் பார்த்தபோது 3 சதவீதம்தான் தவறின. நம் ரிவ்யூவில் கடைசியில் 15 ஆய்வுகள் தேற வேண்டும் என்றால், ஒருவர் பார்ப்பதில் ஏறத்தாழ இரண்டு ஆய்வுகளை இழப்போம். அந்த இரண்டும் பெரிய ஆய்வுகளாக இருந்துவிட்டால் முடிவே மாறலாம்.

சிஸ்டமேட்டிக் ரிவ்யூக்களை வெளியிடும் காக்ரேன் அமைப்பின் விதிமுறையில் இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. ஓர் ஆய்வு ரிவ்யூவில் இடம்பெறத் தகுதியானதா என்ற இறுதி முடிவை இருவர் தனித்தனியே எடுப்பது கட்டாயம். தலைப்பு, அப்ஸ்ட்ராக்ட் கட்டத்தில் இருவர் பார்ப்பது விரும்பத்தக்கது என்ற அளவில்தான் இருக்கிறது. ஆனால் முதல் கட்டத்தில் தூக்கி எறிந்த பதிவை அதன் பிறகு யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதனால் அங்கேயும் இரண்டு பேரை வைப்பதுதான் என் பரிந்துரை.

எல்லாம் ரெடி, உடனே 1000-ஐயும் ஆரம்பிச்சிடலாமா?

கொஞ்சம் பொறுங்கள். முதலில் 50 பதிவுகளை மட்டும் இருவரும் தனித்தனியே பார்த்துவிட்டு, எங்கெங்கே பிரிந்தீர்கள் என்று உட்கார்ந்து பேசுங்கள். நம் உதாரணத்தில் இந்த 50-க்குள்ளேயே ஏதாவது ஒரு குழப்பம் வந்துவிடும். மூச்சுப் பயிற்சி மட்டும் கொடுத்த ஆய்வு யோகாவில் சேருமா? யோகாவோடு உணவுக் கட்டுப்பாடும் சேர்த்துக் கொடுத்திருந்தால்? புரோட்டோகாலில் ‘யோகா’ என்று ஒற்றைச் சொல்லை எழுதியபோது இருவர் மனதிலும் இருந்தது வேறு வேறு யோகா என்பது அப்போதுதான் தெரியவரும்.

அந்த இடத்தில் விதியை எழுத்தில் வையுங்கள். ‘மூச்சுப் பயிற்சி மட்டும் இருந்தாலும் சேரும், உணவுக் கட்டுப்பாடு இரண்டு குழுவுக்கும் ஒரே மாதிரி இருந்தால் சேரும், யோகா குழுவுக்கு மட்டும் என்றால் சேராது’ என்ற அளவுக்குத் தெளிவாக. வேறுபாடு அதிகமாக இருந்தால் இன்னொரு 50 பாருங்கள். விதி மாறியபின் பழைய 50-ஐயும் புது விதிப்படி ஒருமுறை திருப்பிப் பார்க்க வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அப்ஸ்ட்ராக்ட்ல தெளிவா இல்லைன்னா Include-ஆ Exclude-ஆ?

உள்ளே எடுங்கள். ‘நீரிழிவு நோயாளிகள்’ என்று மட்டும் இருக்கிறது, எந்த வகை என்று இல்லை. எச்பிஏ1சி அளந்தார்களா என்றும் இல்லை. இந்த நிலையில் வெளியே தள்ள உங்களிடம் ஆதாரம் இல்லை. முழுக்கட்டுரையைத் திறந்தால் தெரிந்துவிடும். அப்ஸ்ட்ராக்டில் எச்பிஏ1சி பற்றிப் பேச்சே இல்லாமல், உள்ளே மூன்றாவது அட்டவணையில் அது இருப்பது சர்வ சாதாரணம்.

அதே காரணத்துக்காக, இந்தக் கட்டத்தில் இருவரும் மோதிக்கொண்டால் மணிக்கணக்கில் வாதாட வேண்டாம். ‘ஒருவர் வேண்டும் என்றாலே முழுக்கட்டுரைக்குப் போகும்’ என்று முன்கூட்டியே விதி வைத்துக்கொள்ளலாம். சில பிடிஎஃப்களைக் கூடுதலாகத் திறக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

ஸ்கிரீனிங் நடக்கறப்போ நாங்க ரெண்டு பேரும் பேசிக்கவே கூடாதா? ஒரே ரூம்ல இருக்கோம்!

விதியைப் பற்றிப் பேசலாம், குறிப்பிட்ட பதிவைப் பற்றிப் பேசக் கூடாது. ‘கர்ப்பகால நீரிழிவு சேருமா?’ என்று கேட்டால் அது விதி பற்றிய கேள்வி. பதிலை இருவருக்கும் பொதுவான கோப்பில் எழுதிவிடுங்கள். ‘இந்த 412-வது பதிவை நீ என்ன போட்டாய்?’ என்று கேட்டால் அங்கேயே தனித்தன்மை போய்விட்டது.

ஸ்கிரீனிங்குக்கான ரய்யான் மென்பொருளில் `Blind ON` நிலையில் வைத்தால் மற்றவர் முடிவு கண்ணுக்குத் தெரியாது. இருவரும் முழுவதும் முடித்த பின்தான் அதை அணைக்க வேண்டும். பாதியில் அணைத்து ‘எவ்வளவு ஒத்துப்போகுதுன்னு சும்மா பார்த்தோம்’ என்பது வேண்டாத வேலை. எக்செல்தான் என்றால் ஆளுக்கொரு தனிக் கோப்பு வையுங்கள். ஒரே கூகுள் ஷீட்டில் இரண்டு நெடுவரிசை வைத்தால் பக்கத்து நெடுவரிசையைப் பார்க்காமல் யாராலும் இருக்க முடியாது. இருவரும் முடித்தபின் இரண்டையும் ஒரே தாளில் ஒட்டி, B-யில் முதலாமவர், C-யில் இரண்டாமவர் என வைத்து, D-யில் இதைப் போட்டால் முரண்பட்டவை தனியாகத் தெரியும்:

```
=IF(B2=C2,"","முரண்")
```

பேசித் தீர்த்த முடிவை E-யில் எழுதுங்கள். B-யையும் C-யையும் திருத்தவே கூடாது. அடுத்த கேள்விக்கு அந்த மூல முடிவுகள் வேண்டும்.

கப்பா எவ்வளவு வந்தா பாஸ்? எங்களுக்கு 97 சதவீதம் ஒத்துப்போச்சு, ஆனா கப்பா 0.56-தான் வருது. எங்கேயோ தப்பு பண்ணிட்டோமா?

கணக்கில் தப்பில்லை. உங்கள் எண்களையே எடுத்துக்கொள்வோம். 1000 பதிவுகளில் இருவரும் ‘வேண்டும்’ என்றது 20. முதலாமவர் மட்டும் 20, இரண்டாமவர் மட்டும் 10. இருவரும் ‘வேண்டாம்’ என்றது 950. ஒத்துப்போனது 970, அதாவது 0.97. ஆனால் முதலாமவர் 96 சதவீதத்தையும் இரண்டாமவர் 97 சதவீதத்தையும் ஒதுக்கியிருக்கிறார்கள். இருவரும் படிக்காமலேயே கண்ணை மூடிக்கொண்டு அந்த விகிதத்தில் ஒதுக்கியிருந்தாலும் தற்செயலாக 0.9324 அளவுக்கு ஒத்துப்போயிருக்கும். கப்பா அந்தத் தற்செயலைக் கழித்துவிட்டு மீதியைத்தான் பார்க்கிறது:

```
(0.97 - 0.9324) / (1 - 0.9324) = 0.56
```

97 சதவீதம் பெரிதாகத் தெரிவதற்குக் காரணம், வெளிப்படையாகவே பொருந்தாத 950 பதிவுகள். யாருக்கும் சந்தேகம் வராத பதிவுகள் அவை. ஒருவராவது வேண்டும் என்று நினைத்த 50-ல் 20-ல்தான் இருவரும் ஒன்றுபட்டிருக்கிறீர்கள். அந்த 30 முரண்பாடுகளில்தான் பார்க்க வேண்டியது இருக்கிறது.

பாஸ் மார்க் என்று ஒன்று கிடையாது. 1977-ல் லாண்டிஸும் கோக்கும் வகுத்த அளவுகோலில் 0.41 முதல் 0.60 வரை ‘மிதமானது’. அதற்கு மேல் 0.80 வரை ‘கணிசமானது’. இவை அவர்களே வசதிக்காகப் போட்ட கோடுகள்தான். கப்பா உண்மையில் உதவுவது முதல் 50 பதிவு ஒத்திகையில்: குறைவாக வந்தால் விதி தெளிவாக இல்லை என்று அப்போதே தெரிந்து திருத்தலாம். எல்லாம் முடிந்தபின் கணக்கிட்டு ஆய்வேட்டில் போடுவது அலங்காரம். பேசித் தீர்த்த பிறகு கணக்கிட்டு ‘கப்பா 1.0’ என்று போடுவதை என்னவென்று சொல்வது!

முழுக்கட்டுரை படிச்ச பிறகும் ஒத்துவரலைன்னா எப்படித் தீர்க்கறது? ‘பேசித் தீர்த்தோம்’னு எல்லாரும் எழுதறாங்க, பேசறதுன்னா என்ன பேசறது?

முதலில் எந்த வகை முரண்பாடு என்று பாருங்கள். பெரும்பாலானவை கவனப்பிசகுதான். ஒருவர் ஏதோ ஒரு வரியைப் பார்க்கவில்லை. பிடிஎஃப்பைத் திறந்து ‘நாலாம் பக்கம், இரண்டாம் பத்தி’ என்று விரலை வைத்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். அதனால்தான் முடிவை எழுதும்போதே பக்க எண்ணையும் எழுதச் சொல்கிறேன். இன்னொரு வகையில், கட்டுரையிலேயே தகவல் இருக்காது. அங்கே இருவரும் பேசி ஒன்றும் ஆகாது. பேசப்பேச ஊகம்தான் வளரும். ஆசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். பதில் வரும்வரை ‘வகைப்படுத்தக் காத்திருப்பவை’ என்ற பட்டியலில் வைக்கலாம்.

கடினமானது மூன்றாவது வகை. இருவரும் ஒரே வரியைச் சரியாகவே படித்திருப்பார்கள், ஆனால் விதியை வேறு வேறாகப் புரிந்துகொண்டிருப்பார்கள். நம் ரிவ்யூவில் 120 பேர் கொண்ட ஓர் ஆய்வு வருகிறது. 90 பேருக்கு இரண்டாம் வகை நீரிழிவு, 30 பேருக்கு நீரிழிவுக்கு முந்தைய நிலை. முடிவுகளை எல்லோருக்கும் சேர்த்தே கொடுத்திருக்கிறார்கள். முதலாமவர் ‘பெரும்பான்மை நீரிழிவுதானே’ என்று சேர்க்கிறார். இரண்டாமவர் ‘கால்வாசிப் பேர் நம் ஆட்களே இல்லை’ என்று ஒதுக்குகிறார். இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஓட்டை புரோட்டோகாலில் இருக்கிறது. கலப்பு மக்கள்தொகை பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.

இங்கே இந்த ஓர் ஆய்வுக்கு மட்டும் தீர்ப்புச் சொல்லிவிட்டு நகரக் கூடாது. முதலில் 90 பேரின் முடிவு தனியாகக் கிடைக்குமா என்று ஆசிரியரிடம் கேளுங்கள். அப்புறம் ஒரு பொது விதி எழுதுங்கள். பங்கேற்றவர்களில் குறைந்தது 80 சதவீதம் பேருக்கு நோய் இருக்க வேண்டும் என்பது பலரும் வைக்கும் கோடு. அந்தக் கோட்டின்படி 75 சதவீதம் உள்ள இந்த ஆய்வு, தனித் தரவு கிடைக்காவிட்டால், வெளியே போகும். கோட்டை எங்கே வரைவது என்று பேசும்போது அந்த ஆய்வின் முடிவு அட்டவணையை மூடிவையுங்கள். யோகாவுக்குச் சாதகமான முடிவு என்று தெரிந்துவிட்டால் 75-ஐயே கோடாக வைக்க மனம் ஆயிரம் காரணம் கண்டுபிடிக்கும். கடைசியாக, அதே விதியை ஏற்கெனவே முடிவெடுத்த எல்லா ஆய்வுகளுக்கும் போட்டுப் பார்த்து, தேதியோடு புரோட்டோகால் திருத்தமாகப் பதிவு செய்யுங்கள். புரோட்டோகால்களுக்கான பதிவேடான புரோஸ்பெரோவில் பதிவு செய்திருந்தால் அங்கேயும் திருத்தலாம்.

ரெண்டு பேருமே Exclude-தான் போட்டோம், ஆனா காரணம் வேற. இதையும் உட்கார்ந்து பேசணுமா?

ஆய்வின் தலையெழுத்து மாறாது என்பதால் பெரிய முரண்பாடு இல்லை. ஆனாலும் ரிவ்யூவை எப்படி எழுத வேண்டும் என்று சொல்லும் பிரிஸ்மா வழிகாட்டியின் ஓட்டப்படத்தில் முழுக்கட்டுரை நிலையில் ஒதுக்கியவற்றைக் காரணவாரியாக எண்ணிக்கையோடு காட்ட வேண்டும். கட்டுரைக்கு ஒரு காரணம் வைத்தால் கூட்டல் சிக்கலில்லாமல் வரும். இதற்குச் சுலபமான வழி, காரணங்களை வரிசைப்படுத்தி வைப்பது: ஆய்வு வடிவம், மக்கள்தொகை, தலையீடு, ஒப்பீடு, விளைவு. மேலிருந்து படித்து முதலில் தட்டுப்படும் காரணத்தை இருவரும் எழுதினால் வேறுபாடு பெரும்பாலும் வராது.

என் கைடுதான் ரெண்டாவது ரிவ்யூவர். அவர் சொன்னா நான் எப்படி மறுக்கறது?

இதுதான் நம் ஊரில் யாரும் எழுதாத பிரச்சினை. பேசித் தீர்த்தார்கள் என்று கட்டுரையில் இருக்கும். நடந்தது என்னவோ மாணவர் ‘சரி சார்’ என்று சொல்லி முடிவை மாற்றிக்கொண்டதுதான். அப்படி நடந்தால் இரண்டு பேர் பார்த்ததன் பயன் முரண்பட்ட ஆய்வுகளில் மட்டும் காணாமல் போகிறது. அது தேவைப்படுவதே அந்த இடங்களில்தான்.

துறையில் அனுபவம் உள்ளவருக்கு முன்கூட்டியே ஒரு கருத்து இருக்கும். ‘இந்தக் குழு செய்த ஆய்வு நல்லாத்தான் இருக்கும்’ என்ற எண்ணத்தோடு படிப்பார். புதிதாக வருபவர் விதியை எழுத்துக்கு எழுத்து படிப்பார். ஒருவர் துறை தெரிந்தவர், மற்றவர் முறை தெரிந்தவர் என்று ஜோடி சேர்க்கச் சொல்வதும் இதனால்தான். நடைமுறையில் இரண்டு காரியம் உதவும். பேச உட்காரும் முன் இருவரும் தங்கள் காரணத்தை ஒரு வரியில், பக்க எண்ணோடு, கோப்பில் எழுதிவிட வேண்டும். பேசும்போது இளையவர் முதலில் சொல்ல வேண்டும். நல்ல கைடு என்றால் இதை அவரே சொல்வார். எல்லாம் முடிந்தபின் E நெடுவரிசையைப் பாருங்கள். 30 முரண்பாட்டில் 30-ம் ஒரே ஆள் பக்கம் தீர்ந்திருந்தால் அங்கே விவாதம் நடக்கவில்லை.

இன்னொன்று. ரிவ்யூவுக்குள் வரக்கூடிய ஆய்வொன்றை கைடே செய்திருந்தால், அந்த ஆய்வின் தகுதியையோ தரவையோ அவர் தொடக் கூடாது. வேறு இருவர் பார்க்க வேண்டும்.

மூணாவது ஆள் எதுக்கு? அவர் ஓட்டுப் போட்டா 2-க்கு 1-னு முடிஞ்சிடும், அதுதானே?

ஓட்டுப் போடுபவராக இருந்தால் நாணயத்தைச் சுண்டிவிட்டே முடித்துவிடலாம். அவர் நடுவர். இருவர் எழுதிய காரணத்தையும் கட்டுரையையும் படித்துவிட்டு, தன் முடிவுக்கும் காரணம் எழுத வேண்டும். யாருடைய காரணம் எது என்று பெயர் தெரியாமல் கொடுத்தால் இன்னும் நல்லது, முந்தைய கேள்வியில் சொன்ன தயக்கம் இங்கேயும் நுழையாது.

அவரை யார் என்று புரோட்டோகாலிலேயே முடிவு செய்யுங்கள். சண்டை வந்தபின் தேடினால் அவரவர் தங்களுக்கு வேண்டியவரைத்தான் சொல்வார்கள். அவரிடம் போவது விதி பற்றிய முரண்பாடு மட்டும்தான். கவனப்பிசகுகளையும் அவரிடம் தள்ளினால் மூன்றாம் நாளே போனை எடுக்க மாட்டார்.

டேட்டா எக்ஸ்ட்ராக்ஷனுக்கும் ரெண்டு பேரா? 15 ஆய்வு, ஒவ்வொண்ணுக்கும் 60 நெடுவரிசை இருக்கு. நேரமே இல்லை.

எல்லா நெடுவரிசைக்கும் ஒரே கண்டிப்பு தேவையில்லை. காக்ரேனிலேயே விளைவுத் தரவை, அதாவது மெட்டா அனாலிசிஸுக்குள் போகும் எண்களை, இருவர் தனித்தனியே எடுப்பதுதான் கட்டாயம். நாடு, வயது, பயிற்சி எத்தனை வாரம் போன்ற ஆய்வு விவரங்களுக்கு அது பெரிதும் விரும்பத்தக்கது என்ற நிலையில் இருக்கிறது. நேரம் போதாவிட்டால் இந்த விவரங்களை மட்டும் ஒருவர் எடுத்து மற்றவர் சரிபார்க்கலாம்.

2006-ல் இதை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒருவர் எடுத்து மற்றவர் சரிபார்த்த முறையில் நேரம் சுமார் 36 சதவீதம் மிச்சமானது, பிழைகள் சுமார் 22 சதவீதம் கூடின. நேரம் மிச்சம் என்பது பொய்யில்லை. எந்த நெடுவரிசையில் பிழை வந்தால் தாங்கும் என்பதுதான் முடிவு செய்ய வேண்டியது.

கட்டுரையில இருக்கிற நம்பரைத்தானே எழுதறோம், அதுல எப்படி வேறுபாடு வரும்?

ஓர் அட்டவணையைப் பார்ப்போம். 12 வாரம் கழித்து யோகா குழுவில் எச்பிஏ1சி 8.4 ± 0.2, ஒப்பீட்டுக் குழுவில் 8.9 ± 0.2. குழுவுக்கு 36 பேர். முதலாமவர் திட்டவிலக்கம் 0.2 என்று எழுதுகிறார். இரண்டாமவர் அட்டவணைக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் குறிப்பைப் படிக்கிறார்: ± என்பது சராசரியின் திட்டப்பிழை. திட்டவிலக்கம் வேண்டுமென்றால் திட்டப்பிழையை எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும். 36-க்கு 6. எனவே 1.2.

இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று பாருங்கள். 1.2 என்று போட்டால் குழுக்களுக்கிடையிலான வேறுபாடு 0.5 குறைவு, 95 சதவீத நம்பக இடைவெளி 1.05 குறைவிலிருந்து 0.05 கூடுதல் வரை. பூஜ்யத்தைத் தொடுகிறது, உறுதியாக ஒன்றும் சொல்ல முடியாது. 0.2 என்று போட்டால் அதே 0.5, ஆனால் இடைவெளி 0.41-லிருந்து 0.59 வரை குறைவு. சின்ன ஆய்வு திடீரென மறுக்க முடியாத ஆதாரமாகிவிடும். நிலையான விளைவு மாதிரியில் அதன் எடை 36 மடங்காகி மற்ற 14 ஆய்வுகளை அமுக்கிவிடும். ஃபாரஸ்ட் பிளாட்டில் 72 பேர் கொண்ட ஆய்வின் கோடு மட்டும் புள்ளியாகச் சுருங்கியிருந்தால் இந்தப் பிழையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

இதுபோலத்தான் மற்ற வேறுபாடுகளும். ஒருவர் 12 வார எண்ணையும் மற்றவர் 24 வார எண்ணையும் எடுப்பார். ஒருவர் இறுதி அளவையும் மற்றவர் தொடக்கத்திலிருந்து மாறிய அளவையும் எடுப்பார். ஒருவர் சேர்க்கப்பட்ட 40 பேரை எழுதுவார், மற்றவர் கடைசிவரை இருந்த 36-ஐ. இவற்றில் பாதிக்கு மேல் படிவத்தின் குறை. ‘எச்பிஏ1சி சராசரி’ என்று கட்டம் போடாமல் ‘12 வாரத்துக்கு மிக அருகில் அளந்த எச்பிஏ1சி, இறுதி அளவு, பகுப்பாய்வில் இருந்தவர் எண்ணிக்கை, எந்த அட்டவணை’ என்று போட்டால் பிரச்சினை அங்கேயே குறையும். படிவத்தையும் இரண்டு மூன்று ஆய்வுகளில் ஒத்திகை பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். மாற்றிக் கணக்கிட்ட 1.2-ஐ மட்டும் எழுதாமல், கட்டுரையில் அச்சான 0.2-க்கும் தனிக் கட்டம் வையுங்கள்.

ரெண்டு பேர் நம்பரும் ஒண்ணா இருந்தா சரின்னு விட்டுடலாமா?

அவசரப்பட வேண்டாம். கவனப்பிசகு இருவருக்கும் ஒரே இடத்தில் வருவது அரிது. புரிதல் பிழை ஒரே இடத்தில் தாராளமாக வரும். இருவருமே பொடி எழுத்துக் குறிப்பைப் படிக்காவிட்டால் இருவரும் 0.2 எழுதி, ஒத்துப்போனதாகக் கோப்பு காட்டும். 2007-ல் வெளியான ஓர் ஆய்வு, வெளியாகியிருந்த 27 மெட்டா அனாலிசிஸ்களில் ஒவ்வொன்றிலும் இரண்டு ஆய்வுகளின் எண்களைத் திரும்ப எடுத்துப் பார்த்தது. 17-ல் குறைந்தது ஓர் ஆய்விலாவது பிழை இருந்தது. ஆட்களின் எண்ணிக்கை, சராசரி, திட்டவிலக்கம், கூட்டல் கழித்தல் குறி என எல்லாவற்றிலும் தவறு வந்திருந்தது.

அதனால் முரண்பாடுகளைத் தீர்த்தபின், எண்கள் நம்பும்படி இருக்கின்றனவா என்று ஒரு சுற்றுப் பாருங்கள். நீரிழிவு நோயாளிகளிடையே எச்பிஏ1சி திட்டவிலக்கம் 0.2 என்றால், ஏறக்குறைய எல்லோரும் 8.0-க்கும் 8.8-க்கும் நடுவில் இருந்தார்கள் என்று பொருள். எந்த வெளிநோயாளர் பிரிவில் அப்படி இருக்கிறது? எல்லா ஆய்வுகளின் திட்டவிலக்கத்தையும் ஒரே நெடுவரிசையில் வைத்து வரிசைப்படுத்தினால், பொருந்தாதது தானே மேலேயோ கீழேயோ வந்து நிற்கும். குறியையும் பாருங்கள்: எச்பிஏ1சி குறைந்தால் நல்லது, எனவே கழித்தல். ஓர் ஆய்வு மட்டும் ‘குறைந்த அளவு 0.5’ என்று கூட்டலில் எழுதியிருந்தால் அது எதிர்ப்பக்கம் போய்விடும்.

கட்டுரையிலேயே டேபிள்ல ஒண்ணு, டெக்ஸ்ட்ல ஒண்ணு இருக்கு. நாங்க ஆளுக்கொண்ணு எடுத்திருக்கோம். யாரு கரெக்ட்?

இருவரும்தான். முன்பு சொன்ன இரண்டாம் வகை இது. ஆசிரியருக்கு எழுதுங்கள், ‘உங்கள் தரவைக் கொடுங்கள்’ என்று பொதுவாகக் கேட்காமல், இரண்டு எண்ணையும் பக்கத்தோடு குறிப்பிட்டு எது சரி என்று கேட்டால் பதில் வர வாய்ப்பு அதிகம். அதே ஆய்வு வேறு கட்டுரையாகவோ சோதனைப் பதிவேட்டிலோ வந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பதிலே வராவிட்டால் ‘அட்டவணைக்கு முன்னுரிமை’ போன்ற ஒரு விதியை எல்லா ஆய்வுக்கும் வைத்து, மற்ற எண்ணைப் போட்டும் ஒருமுறை பகுப்பாய்வை ஓட்டி, முடிவு மாறுகிறதா என்று அறிக்கையில் சொல்லிவிடுங்கள்.

எனக்கு ரெண்டாவது ஆளே கிடைக்கலை. தனியா பண்ணலாமா?

முழுவதும் தனியாகச் செய்தால் அது பலவீனம்தான், மதிப்பிடுபவர்கள் அதைக் கண்டுகொள்வார்கள். ஆனால் நடுவழி உண்டு. ரிவ்யூவின் தரத்தை மதிப்பிட 2017-ல் வந்த ஆம்ஸ்டார் 2 என்ற கருவி, இருவரும் ஒரு மாதிரியைப் பார்த்துக் குறைந்தது 80 சதவீதம் ஒத்துப்போனால், மீதியை ஒருவர் பார்ப்பதையும் ஏற்கிறது. கப்பா கேள்வியில் பார்த்ததை மறக்க வேண்டாம்: வெளிப்படையாகப் பொருந்தாதவை நிறைந்த அப்ஸ்ட்ராக்ட் மாதிரியில் 80 சதவீதம் என்பது எளிதில் வந்துவிடும், அதை வைத்துத் தைரியம் கொள்ளக் கூடாது.

சக மாணவரோடு மாற்றுமொய் போல ஏற்பாடு செய்துகொள்வதுதான் எனக்குத் தெரிந்து நன்றாக நடக்கும் வழி. அவர் ரிவ்யூவுக்கு நீங்கள் இரண்டாமவர், உங்கள் ரிவ்யூவுக்கு அவர். கட்டுரையில் அவர் பெயரும் வர வேண்டும். அவருடைய நேரம் கொஞ்சம்தான் கிடைக்கும் என்றால் முழுக்கட்டுரை நிலைக்கும் விளைவு எண்களுக்கும் செலவிடுங்கள்.

மெத்தட்ஸ் பகுதியில ‘இருவர் தனித்தனியே செய்தனர், முரண்பாடுகள் பேசித் தீர்க்கப்பட்டன’னு ஒரு வரி போட்டா போதுமா?

எழுதுகிறார்கள், பிரசுரமும் ஆகிறது. பிரிஸ்மா 2020 கேட்பது அதைவிடக் கொஞ்சம் கூடுதல். ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை பேர் பார்த்தார்கள், தனித்தனியேவா, என்ன மென்பொருள் என்பதைத் தேர்வுக்கும் தரவெடுப்புக்கும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். அப்ஸ்ட்ராக்டில் இருவர், ஆய்வு விவரங்களில் ஒருவர் எடுத்து ஒருவர் சரிபார்த்தது, விளைவு எண்களில் இருவர் என்றால் அப்படியே எழுதுங்கள். எல்லாவற்றையும் ‘இருவர்’ என்று ஒரே வரியில் மூடினால் அது உண்மையில்லை.

முரண்பாடு பற்றி எழுதும்போது எத்தனை வந்தன, எத்தனை நடுவரிடம் போயின, எந்தக் கேள்வியில் என்று இரண்டு வரி சேருங்கள். ‘முழுக்கட்டுரை நிலையில் வந்த முரண்பாடுகளில் கலப்பு மக்கள்தொகை பற்றியவை நடுவரிடம் சென்றன, அதன்பின் 80 சதவீத விதி சேர்க்கப்பட்டது’ என்று இருந்தால், படிப்பவர் அந்தக் கோட்டை ஏற்கலாமா வேண்டாமா என்று தானே பார்த்துக்கொள்வார். மூல முடிவுகள் உள்ள அந்த எக்செல் கோப்பைப் பின்னிணைப்பாகக் கொடுக்க முடிந்தால் கொடுங்கள். கோப்பில் இமெயில், போன் எண் ஏதாவது இருந்தால் மட்டும் முதலில் நீக்கிவிடுங்கள்.